பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்கு டெபாசிட்டும் கட்டணமும் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டனுக்கு முதுகலை படிக்கப் போகும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. என் மகளுக்காக இந்தப் பணத்தையெல்லாம் நானே கட்டினேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலருக்கு வங்கிக் கவுன்டரில் கூட நின்றிருக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓராண்டுப் படிப்பு, லண்டனுக்கு வெளியே. கட்டணம் 17,000 பவுண்டு, உதவித்தொகை 2,000 பவுண்டு, முன்பணமாகக் கட்டும் டெபாசிட் 5,000 பவுண்டு. ஒரு பவுண்டு சந்தையில் 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாளின் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. டெபாசிட்டை எந்த வழியில் கட்டுவது?

பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, உங்கள் வங்கியிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு ஸ்விஃப்ட் மூலம் பவுண்டாக அனுப்புவது. இன்னொன்று, பல்கலைக்கழகமே தன் மாணவர் தளத்தில் இணைத்திருக்கும் ஃப்ளைவயர், கன்வெரா போன்ற கட்டணச் சேவை வழியாகக் கட்டுவது. அங்கே கட்ட வேண்டிய ரூபாய்த் தொகை முன்கூட்டியே திரையில் வந்துவிடும். குறிப்பிட்ட கெடுவுக்குள் நீங்கள் ரூபாயைக் கட்டினால், பல்கலைக்கழகத்துக்கு முழு பவுண்டும் போய்ச் சேரும்.

எது மலிவு என்பதை ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் இரண்டு இடத்திலும் கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "5,000 பவுண்டு முழுசாகப் போய்ச் சேர, என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் கழியும்?" விலை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் ஒப்பிடவே முடியாது. ஒருவர் கமிஷனே இல்லை என்பார், ஆனால் விலையில் ஏற்றியிருப்பார்.

கிரெடிட் கார்டில் கட்ட வேண்டாம். பல கார்டுகளில் அன்னிய நாணயத்துக்கு 3 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. கன்சல்டன்சி கணக்குக்கு ரூபாயாக அனுப்பி, "நாங்களே கட்டிவிடுகிறோம்" என்பதை நம்பியும் கட்டாதீர்கள். நாளைக்குப் பணம் திரும்பி வர வேண்டியிருந்தால், அனுப்பியவர் யாரோ அவருக்குத்தான் அது போகும்.

கூகுளில் 115 ரூபாய் என்று காட்டுகிறது, வங்கியில் 117.50 என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. கூகுளில் வருவது சந்தையின் நடுவிலை. அந்த விலையில் நமக்கு யாரும் விற்க மாட்டார்கள். வங்கி நமக்கு விற்பது TT செல்லிங் என்ற விலையில். அந்த வித்தியாசம்தான் வங்கியின் லாபம். காலையில் அச்சடித்து வைக்கும் பட்டியல் விலையைக் கார்டு ரேட் என்பார்கள். நாள் முழுக்கச் சந்தை ஏறி இறங்கினாலும் நட்டம் வராதபடி, கொஞ்சம் தாராளமாகவே ஏற்றி வைத்திருப்பார்கள்.

நம் உதாரணத்தில் ஒரு பவுண்டுக்கு 2.50 ரூபாய் வித்தியாசம். 5,000 பவுண்டுக்கு அது 12,500 ரூபாய். அனுப்பும் கட்டணம் ஆயிரமா, ஆயிரத்து ஐநூறா என்று கவுன்டரில் வாதாடுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பார்ப்பதே இல்லை. தொகை பெரிதாக இருந்தால் கார்டு ரேட்டில் போட வேண்டாம், டிரெஷரியில் கேட்டு, அந்த நேரத்துச் சந்தையை ஒட்டிய டீல் ரேட் வாங்கித் தாருங்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்டால் பல வங்கிகள் குறைத்துத் தருகின்றன, கேட்காதவர்களுக்குப் பட்டியல் விலைதான். இன்னொரு வங்கியின் விலையையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இதில் ஜிஎஸ்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். மாற்றும் தொகை முழுவதற்கும் 18 சதவீதம் கிடையாது. 5,87,500 ரூபாய்க்கு வரி போடத்தக்க மதிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்வது வெறும் 3,437.50 ரூபாய். அதில் 18 சதவீதம் என்றால் சுமார் 619 ரூபாய்.

பவுண்டு இறங்கும்வரை காத்திருந்து கட்டலாமா?

டெபாசிட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு வாரத்தில் ஒரு ரூபாய் இறங்கினால் உங்களுக்கு 5,000 ரூபாய் மிச்சம். ஆனால் அந்த வாரத்தில் கெடு தாண்டினால் இடம் போகலாம். இடம் போகாவிட்டாலும், விசாவுக்கு வேண்டிய சிஏஎஸ் கடிதம் தள்ளிப்போகும். பல்கலைக்கழகங்கள் பொதுவாக டெபாசிட் வந்து சேர்ந்த பிறகுதான் அதைத் தருகின்றன.

மீதிக் கட்டணத்துக்கு வேண்டுமானால் நேரம் பார்க்கலாம். அதிலும் அடிமட்ட விலையைப் பிடிக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து அனுப்புவது நல்லது, ஒரே நாளின் விலையில் மாட்டிக்கொள்ள மாட்டோம். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த நாளின் விலை உங்களுக்கு வராது. வங்கி டீல் போடும் நேரத்து விலைதான் வரும். எங்கள் ஊர்க் கிளையில் அன்னியச் செலாவணிப் பிரிவு இல்லை. தாள்கள் பெரிய கிளைக்குப் போய்த்தான் டீல் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கொடுத்தது திங்கட்கிழமை விலையில் போனது. அதனால் வாரத்தின் முதல் பாதியில், காலையிலேயே, பெரிய கிளைக்கு நேராகப் போய்க் கொடுங்கள். பிரிட்டனின் வங்கி விடுமுறை நாட்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் OUR, SHA என்று இருக்கிறது. எதை டிக் செய்வது?

OUR.

பணம் உங்கள் வங்கியிலிருந்து நேராகப் பல்கலைக்கழக வங்கிக்குப் போகும் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் நடுவில் இன்னொரு வங்கி இருக்கும். SHA என்று போட்டால், நடு வங்கி தன் கூலியை அனுப்பும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். OUR என்று போட்டால் அந்தக் கூலியும் உங்கள் கணக்கில் சேர்த்துக் கழியும், அங்கே முழுத் தொகை போய்ச் சேரும்.

என் மகளுக்கு முதல் முறை அனுப்பியபோது கவுன்டரில் இருந்தவர் வழக்கம்போல SHA போட்டுவிட்டார், நானும் பார்க்கவில்லை. 5,000 அனுப்பியதில் 4,982 தான் போய்ச் சேர்ந்தது. 18 பவுண்டு குறைவு. பல்கலைக்கழகத்தின் கணினிக்கு அது டெபாசிட் கட்டப்படாத நிலைதான். அந்த 18 பவுண்டை அனுப்ப மறுபடி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், மறுபடி அனுப்பும் கட்டணம், பத்து நாள் தாமதம். அந்தப் பத்து நாளும் சிஏஎஸ் வராமல் அவள் தூங்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்குக் கூடப் போனாலும், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டத்தை விரல் வைத்துப் பார்க்கிறேன்.

அதே தாளில் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். பர்பஸ் கோடு S0305 என்று இருக்க வேண்டும், வெளிநாட்டில் தங்கிப் படிக்கும் கட்டணத்துக்கு அதுதான். செய்தி எழுதும் வரியில் மாணவரின் எண்ணும் பெயரும் ஆஃபர் லெட்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும். அடுத்து, ஐபேன் எண். பிரிட்டனின் ஐபேன் 22 எழுத்துகள் கொண்டது, GB என்று தொடங்கும். அதன் கடைசி 8 இலக்கம் கணக்கு எண், அதற்கு முந்தைய 6 இலக்கம் வங்கிக் கிளையைக் குறிக்கும் சார்ட் கோடு. பல்கலைக்கழகம் கணக்கு எண்ணையும் சார்ட் கோடையும் தனியாகக் கொடுத்திருந்தால், ஐபேனோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபார்த்துவிடலாம். கணக்கு விவரத்தை மாணவர் தளத்தில் உள்நுழைந்து எடுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

பணம் போய்விட்டது என்று வங்கி சொல்கிறது, வரவில்லை என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. யாரைப் பிடிப்பது?

முதலில் வங்கியிடம் ஸ்விஃப்ட் நகல் கேளுங்கள். உங்கள் பாஸ்புக்கில் பற்று விழுந்திருப்பது, பணம் உங்களை விட்டுப் போனதற்கு மட்டுமே சாட்சி. ஸ்விஃப்ட் நகலில்தான் எந்த வங்கி வழியாக, எந்தத் தேதியில், எவ்வளவு, யார் பெயருக்குப் போனது என்பது இருக்கும். யூஇடிஆர் என்ற 36 எழுத்து எண்ணும் அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை உங்கள் வங்கியால் பார்க்க முடியும்.

பாதி நேரம் பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் இருக்கும். அனுப்பியவர் பெயர் அப்பாவுடையது, மாணவர் எண் எழுதப்படவில்லை, யாருடைய பணம் என்று தெரியாமல் வைத்திருப்பார்கள். அப்போது ஸ்விஃப்ட் நகலை நிதிப் பிரிவுக்கு அனுப்பி, மாணவர் எண்ணோடு இரண்டு வரி எழுதினால் போதும். ஐந்து வேலை நாளுக்குப் பிறகும் தளத்தில் வரவு காட்டாவிட்டால் இதைச் செய்துவிடுங்கள், இன்னும் காத்திருக்க வேண்டாம்.

அப்பா கணக்கிலிருந்து அனுப்புவதா, மகன் கணக்கிலிருந்தா? டிசிஎஸ் எவ்வளவு பிடிப்பார்கள்?

யார் அனுப்பினாலும் எல்ஆர்எஸ் என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் கீழ்தான் போகும். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை. படிப்புக்கு அந்த எல்லை இடிப்பது அரிது. இடிப்பது டிசிஎஸ்தான், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. சொந்தப் பணத்தில் அனுப்பினால், ஒரு பான் எண்ணுக்கு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை எதுவும் இல்லை. அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள். படிப்புக்கு 5 சதவீதமாக இருந்தது, 2026 ஏப்ரல் 1 முதல் 2 சதவீதம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராக அனுப்பினால் டிசிஎஸ் இல்லை.

நம் உதாரணத்தில் டெபாசிட் 5,87,500 ரூபாய், மீதிக் கட்டணம் 10,000 பவுண்டு என்றால் 11,75,000 ரூபாய். இரண்டையும் அப்பாவே ஒரே நிதியாண்டில் அனுப்பினால் மொத்தம் 17,62,500. பத்து லட்சத்துக்கு மேல் உள்ள 7,62,500க்கு 2 சதவீதம் என்றால் 15,250 ரூபாய். டெபாசிட்டை அப்பாவும், மீதியில் ஒரு பகுதியை அம்மா தன் சொந்தச் சேமிப்பிலிருந்தும் அனுப்பினால் இது குறையும். டெபாசிட் மார்ச் 31க்கு முன்னும் மீதி ஏப்ரலுக்குப் பின்னும் போனாலும் குறையும்.

இது செலவாகிப் போகும் பணம் இல்லை. வருமான வரித் தளத்தில் அனுப்பியவரின் பான் எண்ணில் வரவு இருக்கும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். அதனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் கணக்கிலிருந்து அனுப்புவது நல்லது. மாமா, பெரியப்பா அனுப்புவதைக் கூடியமட்டும் தவிர்த்துவிடுங்கள். உறவு என்ன, பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கியும் கேட்கும், பல்கலைக்கழகமும் கேட்கும். மாமா உதவுவதானால் அப்பா கணக்கில் போட்டு, அதற்கு ஒரு அன்பளிப்புக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு 28 நாள் பணம் வைத்திருக்க வேண்டுமாமே. டெபாசிட் கட்டினால் அந்தக் கணக்கு கெடாதா?

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், நிதானமாகப் பார்ப்போம்.

காட்ட வேண்டிய தொகைக்கு இரண்டு பாகம். ஒன்று, முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத மீதி. மற்றொன்று தங்கும் செலவு. லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. இவை 2025 நவம்பர் 11 முதல் உள்ள தொகைகள், விண்ணப்பிக்கும் முன் அரசு தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாணவருக்குக் கட்டணத்தில் மீதி 10,000, தங்குவதற்கு 10,539, மொத்தம் 20,539 பவுண்டு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் கீழே இறங்கக் கூடாது. அந்த 28வது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்கு மேல் பழசாகவும் இருக்கக் கூடாது. ஜூலை 3 முதல் ஜூலை 30 வரை 28 நாள் வைத்திருந்தால், ஆகஸ்டு 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

டெபாசிட் கட்டினால் காட்ட வேண்டிய தொகையும் அதே அளவு குறையும், அதனால் கணக்கு கெடாது. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த 5,000 கட்டப்பட்டது என்று சிஏஎஸ்ஸில் இருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகத்தின் ரசீது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அதிகாரியின் கண்ணில் நீங்கள் 25,539 பவுண்டு காட்ட வேண்டியவர், கணக்கிலோ 20,539தான் இருக்கும். அதனால் டெபாசிட்டை முதலில் கட்டுங்கள். அது வரவான சிஏஎஸ்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள். அப்புறம் 28 நாளை எண்ணத் தொடங்குங்கள். இடையில் விடுதிக்கோ விமானச் சீட்டுக்கோ அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம், அதற்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலைக்கு வருவோம். ரூபாயில் இருக்கும் உங்கள் இருப்பை பவுண்டாக மாற்றிப் பார்க்க, பிரிட்டன் உள்துறை ஓஆண்டா என்ற தளத்தின் விலையைப் பயன்படுத்துகிறது. எந்த நாளின் விலை? நீங்கள் விண்ணப்பித்த நாளின் விலை. 28 நாள் முன்பு 115 ஆக இருந்தபோது 20,539 பவுண்டு என்பது 23,61,985 ரூபாய். நீங்கள் அழகாக 23,70,000 வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் 118 ஆகிவிட்டால் தேவை 24,23,602 ரூபாய். ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சம் குறைவு. அன்றைக்குப் போட்டு நிரப்பவும் முடியாது, ஏனென்றால் 28 நாளும் இருந்திருக்க வேண்டும். ஆகவே கணக்குப் போட்ட தொகைக்கு மேல் 5 சதவீதமாவது கூடுதலாக வைத்துத் தொடங்குங்கள். இங்கே 25 லட்சம் வைத்தால் பயமில்லை. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் அன்றைய ஓஆண்டா விலையைப் பார்த்து, அந்தத் திரையைப் படமெடுத்துக் கோப்பில் வையுங்கள்.

விசா கோப்பில் எந்தெந்த ரசீது வைக்க வேண்டும்?

முதன்மையானது, பல்கலைக்கழகம் தரும் கட்டண ரசீது. அதில் மாணவர் பெயர், மாணவர் எண், தொகை பவுண்டில், தேதி எல்லாம் இருக்க வேண்டும். சிஏஎஸ்ஸில் கட்டிய தொகை சரியாக ஏறியிருந்தால் அதுவே போதும், ஆனாலும் ரசீதைக் கையில் வைத்திருங்கள். சிஏஎஸ் வந்த அன்றே கட்டணம், கட்டியது, உதவித்தொகை என்ற மூன்று எண்ணையும் ஆஃபர் லெட்டரோடு ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள்.

அதற்குத் துணையாக ஸ்விஃப்ட் நகல், வங்கி கொடுத்த பற்று அறிவிப்பு, ஏ2 படிவத்தின் நகல், அந்தத் தேதியின் வங்கி அறிக்கை. பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, பெயரில் தேதியை முதலில் போட்டு வைத்தால் தேடும்போது கை கொடுக்கும். இப்படி:

```
2026-05-12_deposit_5000GBP_swift.pdf
2026-05-18_deposit_5000GBP_receipt.pdf
```

இந்த ரசீதுகள் விசாவோடு முடிவதில்லை. பின்னால் கல்விக் கடன் எடுத்தால், நீங்கள் கட்டிய டெபாசிட்டை, நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கான மார்ஜின் தொகையில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க இவைதான் ஆதாரம். பல பொதுத்துறை வங்கிகளில் வெளிநாட்டுப் படிப்புக்கு மார்ஜின் 15 சதவீதம்.

விசா கிடைக்காவிட்டால் டெபாசிட் திரும்ப வருமா? எவ்வளவு நட்டம்?

பல்கலைக்கழகத்தின் டெபாசிட் விதியில் இருப்பதுதான் பதில், கட்டும் முன்பே அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். விசா மறுப்பு என்றால் பொதுவாகத் தருகிறார்கள், மறுப்புக் கடிதத்தைக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். போலித் தாள் கொடுத்ததால் மறுத்தார்கள் என்றால் தராமல் போகலாம்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பும். அதனால் அந்தக் கணக்கை மூடிவிடாதீர்கள். திரும்பி வரும் பவுண்டை வங்கி வாங்கும் விலையில்தான் மாற்றும். 117.50க்கு வாங்கியதை 112.50க்கு விற்றால், சந்தை ஒரு பைசாகூட நகராமலே 5,000 பவுண்டுக்கு 25,000 ரூபாய் போகும். டிசிஎஸ் பிடித்திருந்தால் அது இந்தப் பணத்தோடு திரும்பி வராது, வருமான வரிக் கணக்கில்தான் கேட்க வேண்டும். வரவு விழுந்ததும் வங்கியிடம் உள்வரவுச் சான்று ஒன்று எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கும்போது, திடீரென்று கணக்கில் ஐந்தரை லட்சம் எப்படி வந்தது என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம்.